அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கத்தில் கண்ணாடி இருந்ததா? பையனின் அட்டை மாதிரிக்காகக் கேட்கிறேன்

கரைக்காற்று (சனி, இரவு 9.10)

என் பையன் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு அலெக்சாந்திரியா கலங்கரை விளக்கத்தை அட்டையில் செய்துகொண்டிருக்கிறான். கீழே சதுரம், நடுவில் எண்கோணம், மேலே உருளை. அதுவரை ஒழுங்காக வந்துவிட்டது. உச்சிக்கு வந்ததும் வீட்டில் சண்டை.

அவன் பார்த்த வீடியோவில், உச்சியில் பெரிய வெண்கலக் கண்ணாடி இருந்ததாம். பகலில் வெயிலையும் இரவில் தீயையும் அது 50 கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பியதாம். எதிரிக் கப்பலைக்கூட எரித்ததாம். பழைய டார்ச் லைட்டின் குழிந்த கண்ணாடியைக் கழற்றி உச்சியில் ஒட்டப்போகிறேன் என்கிறான். எனக்கு எங்கேயோ இடிக்கிறது. விறகுத் தீக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்தால் ஒரே ராத்திரியில் கரி படிந்துவிடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வியாழக்கிழமை கண்காட்சி.

ஒளியியல்குமார் (சனி, இரவு 9.42)

கண்ணாடி இருந்தே ஆக வேண்டும். வெறும் தீயின் வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறிப் போகும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். 50 கிலோமீட்டரில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் பரவளைய ஆடியை வைத்து ஒளியை ஒரே திசைக்குத் திருப்பினார்கள். கிரேக்கர்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியால் கப்பலை எரித்த ஆர்க்கிமிடீஸ் கதை ஒன்று போதாதா? உங்கள் பையன் செய்வதுதான் சரி, டார்ச் கண்ணாடியை ஒட்டச் சொல்லுங்கள்.

சுற்றுலா_சுந்தரி (சனி, இரவு 9.50)

நாங்கள் டிசம்பரில் எகிப்து போகிறோம். இதன் மேலே ஏற விடுகிறார்களா? லிஃப்ட் உண்டா? என் மாமியாருக்கு முழங்கால் வலி.

பழையஏடு (சனி, இரவு 10.35)

சுந்தரி அம்மா, அது விழுந்து 600 வருடத்துக்கு மேல் ஆகிறது. 1303ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும் சேதம். 1326இல் அங்கே போன இப்னு பதூதா ஒரு பக்கம் இடிந்திருந்ததாக எழுதினார். 1349இல் மறுபடி போனபோது வாசலுக்குள்ளேயே நுழைய முடியவில்லை. அதே இடத்தில் இப்போது கைத்பே கோட்டை நிற்கிறது, 15ஆம் நூற்றாண்டில் கட்டியது. கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாம். கோபுரத்தின் கற்கள் பக்கத்துக் கடலுக்கடியில் கிடக்கின்றன, 1994இலிருந்து அவற்றை வரிசையாக ஆராய்ந்து பதிவு செய்தார்கள்.

இனிக் கேள்விக்கு. கரைக்காற்று, உங்களுக்கு இடிப்பது சரியான இடத்தில்தான் இடிக்கிறது. கோபுரம் கட்டி முடித்தது கி.மு. 280 வாக்கில். அது எரிந்துகொண்டிருந்த காலத்தில் அதைப் பற்றி எழுதியவர்களை வரிசையாகப் பாருங்கள். ஜூலியஸ் சீசர் கோபுரம் நின்ற ஃபாரோஸ் தீவில் சண்டையே போட்டவர். கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ அலெக்சாந்திரியாவில் தங்கியிருந்தவர். அப்புறம் ரோமானிய எழுத்தாளர் பிளினி, யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ். நாலு பேரும் கோபுரத்தைச் சொல்கிறார்கள். தீயைப் பற்றியும் பேச்சு வருகிறது. கண்ணாடி என்று ஒரு சொல் கிடையாது. பிளினியோ அது 800 தாலந்து செலவில் கட்டியது என்று கணக்கு வரைக்கும் எழுதுகிற ஆள். அவ்வளவு பெரிய கண்ணாடி மேலே மின்னியிருந்தால் விட்டிருப்பாரா?

கண்ணாடி வருவது அரபு எழுத்தாளர்களிடம், ஆயிரம் வருடத்துக்குப் பிறகு. 10ஆம் நூற்றாண்டில் அல் மஸ்ஊதி ஒரு கதை சொல்கிறார். அந்தக் கண்ணாடியில் தூரத்து எதிரிக் கப்பல்கள் தெரியுமாம். அதைத் தாங்க முடியாத பைசாந்தியப் பேரரசன் ஓர் ஆளை அனுப்பினானாம். அவன் கலீபாவிடம் போய் 'கோபுரத்துக்கு அடியில் புதையல் இருக்கிறது' என்று சொல்ல, கலீபாவின் ஆட்களே பாதிக் கோபுரத்தை இடித்துவிட்டார்களாம். சுவையான கதைதான். ஆனால் அது வேவு பார்க்கும் கண்ணாடி. வெளிச்சத்தைத் தூரத்துக்கு அனுப்பும் கண்ணாடி அல்ல. இந்தக் கதையையும் கப்பல் எரித்த கதையையும் நம் காலத்து டார்ச் லைட்டையும் சேர்த்துப் பிசைந்ததுதான் உங்கள் வீடியோ.

ஆர்க்கிமிடீஸ் கண்ணாடியால் கப்பலை எரித்தார் என்பதும் அவர் செத்துப் பல நூறு வருடம் கழித்து எழுந்த பேச்சு. பரவளைய ஆடி ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் என்பதை நிறுவிய கிரேக்கக் கணித அறிஞர் டயோக்ளீஸ் இருந்தது கி.மு. 200ஐ ஒட்டி. அதற்குள் கோபுரத்துக்கு 80 வயது.

ஒளியியல்குமார் (சனி, இரவு 11.05)

எழுதி வைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா ஐயா? 50 கிலோமீட்டருக்குக் கண்ணாடி இல்லாமல் வெளிச்சம் எப்படிப் போகும், அதைச் சொல்லுங்கள்.

மாலுமி_ஜோ (ஞாயிறு, காலை 6.20)

அதை நான் சொல்கிறேன். 26 வருடம் சரக்குக் கப்பல்களில் இருந்தேன், கடைசியில் முதன்மை அதிகாரியாக. குமார் தம்பி, தூரத்தை முதலில் தீர்மானிப்பது வெளிச்சம் அல்ல, உயரம். பூமி உருண்டை. விளக்கு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் அடிவானத்துக்குக் கீழே போனால் போனதுதான்.

நாங்கள் போடும் கணக்கு மிகச் சுலபம். விளக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். காற்றில் ஒளி கொஞ்சம் வளைவதையும் சேர்த்த எண் அது. பார்க்கிறவன் கண்ணின் உயரத்துக்கும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும்.

அந்தக் கோபுரம் சுமார் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நூறின் மூலம் 10, அதாவது 38.6. தளத்தில் நிற்கிறவனுக்குக் கண் உயரம் 4 மீட்டர் என்றால் இன்னொரு 7.7. ஆக 46 கிலோமீட்டர். அதே ஆள் 15 மீட்டர் பாய்மரத்தில் ஏறினால் 15 கிலோமீட்டர் கிடைக்கும், மொத்தம் 54. பழையஏடு ஐயா, ஜோசபஸ் ஏதோ ஒரு தூரம் சொல்லியிருப்பாரே?

பழையஏடு (ஞாயிறு, காலை 8.15)

300 ஸ்தாதியம் என்கிறார். ஒரு ஸ்தாதியம் சுமார் 185 மீட்டர் என்று எடுத்தால் 55 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஜோ, உங்கள் பாய்மரக்காரன் கணக்கில் வந்து விழுகிறதே! ஜோசபஸ் பொதுவாக எண்களை ஊதிவிடுகிற ஆள். இந்த இடத்தில் யாரோ மாலுமியிடம் கேட்டு எழுதினார் போலிருக்கிறது.

மாலுமி_ஜோ (ஞாயிறு, காலை 8.40)

அதைவிட ஒரு படி மேலே போகலாம். பாய்மரத்தின் மேலிருப்பவனுக்குத் தீ தெரிகிறது, கீழே இருப்பவனுக்குத் தெரியவில்லை என்றால், கப்பல் 46க்கும் 54க்கும் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். கருவி எதுவும் வேண்டாம், ஓர் ஆளை ஏற்றி இறக்கினாலே தூரம் தெரிந்துவிடும். எங்கள் காலத்திலும் விளக்கு அடிவானத்தில் எழும் கணத்தைக் குறித்து இதே வேலையைச் செய்திருக்கிறோம்.

ஒளியியல்குமார் (ஞாயிறு, மதியம் 12.30)

சரி, உயரத்தை ஒப்புக்கொள்கிறேன். வெளிச்சத்துக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் அசந்துவிட்டேன்.

இருட்டில் பழகிய கண்ணுக்கு ஒரு புள்ளி விளக்கு தெரிவதற்குத் தேவையான அளவு என்று கப்பல் துறையில் ஒரு எண் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக்கொண்டால், காற்றே இல்லாத வெளியில் 50 கிலோமீட்டருக்கு 500 மெழுகுவர்த்தி போதும்! தூரத்தால் நாலில் ஒன்றாகக் குறைவது நான் பயந்த அளவுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. உண்மையில் ஒளியைத் தின்பது காற்றுதான். பகலில் 74 கிலோமீட்டர் வரை மலை தெரிகிற அளவுக்குத் தெளிவான இரவு என்றால் 3,800 மெழுகுவர்த்தி வேண்டும். பார்வை 37 கிலோமீட்டராகக் குறைந்தால் 28,000. வெறும் 18.5 கிலோமீட்டர் பார்வையுள்ள சாதாரணப் புழுக்க இரவு என்றால் பதினாறு லட்சம். எந்தத் தீயாலும் ஆகாது.

அடுத்தது தீ. மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சம். ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் கொழுந்துவிட்டு எரியும் விறகுத் தீ 15,000 சதுர சென்டிமீட்டர். புகையும் கரியும் போக அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்று வைத்தாலும் 5,000 வந்துவிடும். அதாவது தெளிவான இரவில் கண்ணாடி இல்லாமலேயே 50 கிலோமீட்டர் போகும். மோசமான இரவில் கண்ணாடி வைத்தாலும் போகாது.

கரைக்காற்று (ஞாயிறு, மதியம் 1.05)

குமார், நேற்று ஒட்டச் சொன்னீர்கள், இன்று வேண்டாம் என்கிறீர்களா? பையன் பசையோடு உட்கார்ந்திருக்கிறான்.

ஒளியியல்குமார் (ஞாயிறு, மதியம் 1.30)

மன்னிக்கணும். கண்ணாடியைச் சேர்த்தால் எவ்வளவு லாபம் என்றும் பார்த்துவிடுவோம். தீக்குப் பின்னால் தட்டையான வெண்கலத் தகடு நிற்கிறது. நன்றாகத் தேய்த்த வெண்கலம் விழுகிற ஒளியில் அறுபது சதவீதம் போலத் திருப்பித் தரும். எனவே முன்னால் இருப்பவனுக்கு ஒன்றுக்குப் பதில் 1.6 தீ. தூரக் கணக்கில் 4 முதல் 6 கிலோமீட்டர் கூடும், அவ்வளவுதான். அதுவும் கரி படியாத முதல் சில நிமிடங்களுக்கு.

குழிந்த ஆடி வைத்தாலோ? இங்கேதான் நான் தவறினேன். ஆடியின் குவியம் ஒரு மீட்டரில் இருக்கிறது, தீயின் அகலமும் ஒரு மீட்டர் என்றால், வெளிவரும் கற்றை 50 டிகிரிக்கு மேல் விரியும். அதைக் கற்றை என்றே சொல்லக்கூடாது. அதே ஆடியில் 2 சென்டிமீட்டர் சுடர் வைத்தால் ஒரு டிகிரி அளவுக்குக் குறுகும். ஆடி வேலை செய்ய வேண்டுமானால் தீ சின்னதாக இருக்க வேண்டும். பெரிய தீக்கு அது வெறும் அலங்காரம்.

பருத்தித்துறையான் (ஞாயிறு, மாலை 5.15)

குமார் தம்பி சொல்வதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். நாங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம், கலங்கரை விளக்கத்தை வெளிச்சவீடு என்றுதான் சொல்வோம். எண்பதுகளில் எங்கள் கரையில் வெளிச்சமே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஐயா வள்ளத்தில் போனால் அம்மா பனைமரத்தில் பெட்ரோமாக்ஸ் கட்டி வைப்பா. பாரில், அதாவது கரையோரப் பாறைத்திட்டில், ஒரே ஒரு இடத்தில்தான் வள்ளம் நுழைய வாசல் உண்டு, அதற்கு நேரே அந்தப் பனை.

ஒருமுறை நான் கெட்டித்தனம் என்று நினைத்து, பழைய லொறி ஒன்றின் முன்விளக்குச் சட்டியைக் கழற்றிப் பெட்ரோமாக்ஸுக்குப் பின்னால் கட்டினேன். நேரே நின்று பார்த்தால் கண் கூசியது. நடு இரவில் காற்றுக்கு விளக்குத் திரும்பிவிட்டது. நேர்வெளிச்சம் வேறு பக்கம் போக, ஐயாவின் பக்கத்தைச் சட்டியே மறைத்துவிட்டது. அவர் எங்கள் விளக்கைக் காணாமல், மேற்கே வேறு ஒருவர் கொளுத்திய வெளிச்சத்தை எங்களுடையது என்று எண்ணிப் பாரில் ஏற்றிவிட்டார். வள்ளத்தின் அடிப்பலகை போனது, ஆளுக்குச் சேதம் இல்லை. காலையில் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு சட்டி இல்லாமல்தான் கட்டினோம். எல்லாப் பக்கமும் மங்கலாகத் தெரிந்தாலும் எப்போதும் தெரிய வேண்டும், அதுதான் கடலில் இருப்பவனுக்குத் தேவை.

மாலுமி_ஜோ (ஞாயிறு, மாலை 6.00)

அண்ணை, உங்கள் ஐயாவுக்கு வந்த சிக்கல்தான் எல்லாத் தீ விளக்குக்கும் பெரிய சிக்கல். தெரிகிறதா என்பது பாதிக் கேள்வி. தெரிவது எது என்பது மீதிப் பாதி. இன்றைய விளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு தாளத்தில் மின்னும், எண்ணிப் பார்த்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். விறகுத் தீக்குத் தாளம் ஏது?

நான் பயிற்சி மாணவனாக இருந்தபோது ஓர் எண்ணெய் ஆலையின் எரிவாயுச் சுடரைக் கரை விளக்கு என்று குறித்துவிட்டேன். கப்பலின் இடமே வரைபடத்தில் பல மைல் தள்ளிப் போனது. நல்லவேளை, மேலதிகாரி பார்த்துவிட்டார்.

பழையஏடு (ஞாயிறு, இரவு 8.20)

ஜோ, இதையே பிளினி எழுதியிருக்கிறார், 1900 வருடத்துக்கு முன்னால். இப்படி விடாமல் எரியும் தீயில் ஒரு ஆபத்து உண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் நட்சத்திரம் என்று நினைத்துவிடுவார்கள் என்கிறார். கவனியுங்கள், வெளிச்சம் போதவில்லை என்பது அவருடைய குறை இல்லை.

இது பழங்காலத்தோடும் போகவில்லை. ஸ்காட்லாந்தில் மே தீவு என்று ஒன்று. 1636இலிருந்து அங்கே கோபுரத்தின் மேல் திறந்த இரும்புக் கூடையில் நிலக்கரி எரித்தார்கள். 1810 டிசம்பரில் நிம்ஃப், பல்லாஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஒரே இரவில் டன்பார் பக்கத்துப் பாறையில் மோதி நாசமாயின. கரையில் எரிந்த சுண்ணாம்புக் காளவாயின் தீயை மே தீவின் தீ என்று நினைத்துத் திரும்பியதுதான் காரணம். ஆறே வருடத்தில், 1816இல், கரித் தீயை எடுத்துவிட்டு எண்ணெய் விளக்கும் ஆடியும் வைத்தார்கள்.

ஒளியியல்குமார் (ஞாயிறு, இரவு 8.45)

நட்சத்திரமா தீயா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பார்கள்? நிறம்? தீ சிவப்பாகத்தானே இருக்கும்?

மாலுமி_ஜோ (ஞாயிறு, இரவு 9.10)

நிறத்தை நம்பக்கூடாது. அடிவானத்தில் இருக்கும் நட்சத்திரமும் சிவக்கும், நடுங்கும். பொறுமைதான் வழி. கால் மணி நேரம் காத்திருந்தால் கிழக்கில் எழுந்த நட்சத்திரம் மூன்று டிகிரி போல மேலே ஏறியிருக்கும். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம். மேற்கில் இருந்தால் அதற்குள் மறைந்தே போயிருக்கும். தீ இருந்த இடத்திலேயே இருக்கும். சிக்கல் வடக்கே பார்க்கிறவனுக்கு, அங்கே நட்சத்திரங்கள் மெதுவாகப் படுக்கைவாட்டில் நகரும். அலெக்சாந்திரியாவுக்குக் கடலிலிருந்து வருகிறவன் தெற்கே பார்ப்பான். அங்கேயும் தெற்கு வானத்தில் தாழ்வாகப் போகும் நட்சத்திரங்கள் கொஞ்ச நேரம் அசையாதது போலத்தான் இருக்கும். பிளினிக்கு யாரோ பட்டவன் சொல்லியிருக்க வேண்டும்.

புலவர்மகள் (திங்கள், காலை 7.30)

இரவு முழுக்கப் படித்தேன். நம் ஊர்ச் செய்தி ஒன்று இதற்கு அப்படியே பொருந்துகிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகத்தின் விளக்கு வருகிறது. வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூண் போல, ஏணி சாத்திய, ஏற முடியாத உயரம். அங்கே 'வேயா மாடத்து இரவில் மாட்டிய இலங்குசுடர் ஞெகிழி' எரிகிறதாம். ஞெகிழி என்றால் எரிகொள்ளி, தீவட்டி போன்றது. ஆக விறகுத் தீதான், கண்ணாடிப் பேச்சே இல்லை. மாடத்துக்குக் கூரை வேயவில்லை என்பதையும் பாருங்கள். உரைக்காரர்கள் அதைச் சாந்து பூசிய மாடம் என்றும் கொள்வார்கள். எனக்கென்னவோ தீ எரிகிற இடத்தில் கூரை வேய்ந்தால் முதலில் எரிவது கூரைதானே என்று தோன்றும்.

இன்னொன்று. 'ஓடுகலம் கரையும் துறை' என்கிறது பாட்டு. கரைதல் என்றால் கூப்பிடுதல், காகம் கரைகிறதே அதே கரைதல். கலங்கரை விளக்கம் என்றால் கலத்தைக் கரைந்து அழைக்கும் விளக்கு. பலர் கலம் + கரை என்று பிரித்துக் 'கரையில் இருக்கும் விளக்கு' என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழையஏடு (திங்கள், காலை 9.00)

அருமை அம்மா. ஆனால் 'அழைக்கும்' என்பதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு, அதை அலெக்சாந்திரியாவை வைத்தே கேட்கிறேன். ஜோசபஸ் அந்தத் தீ எதற்கு என்று சொல்லும் காரணம் விசித்திரமானது. உள்ளே நுழைவது கடினம் என்பதால், இரவில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்பதற்காக அந்தத் தீ என்கிறார். அதாவது வா என்று சொல்லும் விளக்கு அல்ல, அங்கேயே நில் என்று சொல்லும் விளக்கு. நுழைவாயில் குறுகல், நீருக்கடியில் பாறைகள். ஃபாரோஸ் தீவை வைத்திருப்பவன் சம்மதம் இல்லாமல் ஒரு கப்பலும் உள்ளே வர முடியாது என்று சீசரும் எழுதுகிறார்.

மறுபக்கம், கோபுரம் கட்டிய காலத்துக் கவிஞர் பொசிடிப்பஸ் ஒரு சிறு பாட்டில், இரவில் அலைமேல் ஓடுகிறவன் உச்சியில் பெரிய தீயைக் காண்பான், நேரே 'காளைக்கொம்பு'க்கே ஓடலாம் என்கிறார். காளைக்கொம்பு என்பது துறைமுக வாசலில் ஓர் இடத்தின் பெயராக இருக்கலாம். இவர் வா என்கிறார், அவர் நில் என்கிறார். ஜோ, நீங்கள் யார் பக்கம்?

மாலுமி_ஜோ (திங்கள், மதியம் 2.10)

ஜோசபஸ் பக்கம். கவிஞருக்குக் கப்பல் உடைந்தால் ஒன்றும் நஷ்டமில்லை.

ஒரு பயணத்தை நினைத்துப் பாருங்கள். வடக்கேயிருந்து வருகிற சரக்குக் கப்பல், நாலு நாட் வேகம், மணிக்கு ஏழரை கிலோமீட்டர் போல. இரவு ஒன்பது மணிக்குப் பாய்மரத்தின் மேலிருப்பவன் 54 கிலோமீட்டரில் தீயைப் பார்க்கிறான். அப்படியே ஓடினால் விடியற்காலை நாலு மணிக்கு, கும்மிருட்டில் பாறைகளுக்கு நடுவே போய் நிற்பான். எந்த மாலுமியும் அதைச் செய்ய மாட்டான். பாயைக் குறைப்பான், தீயை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக நெருங்குவான், வெளிச்சம் வந்ததும் நுழைவான். தனியாக நிற்கும் ஒரே தீ உனக்குத் திசையைத் தரும், வாசலின் நடுவைத் தராது. நடுவைக் காட்ட ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு விளக்கு வேண்டும், அவை ஒரே கோட்டில் தெரிகிற வரை கப்பலைத் திருப்ப வேண்டும்.

பருத்தித்துறையான் (திங்கள், மாலை 4.30)

அப்படியென்றால் தீயே இல்லாவிட்டால் என்ன? விடியும்வரை ஆழ்கடலில் நிற்கலாமே.

பழையஏடு (திங்கள், மாலை 7.00)

எங்கே நிற்பது என்று தெரிய வேண்டுமே. நைல் கழிமுகக் கரை முழுக்கத் தட்டை. மலை இல்லை, குன்று இல்லை. பொசிடிப்பஸ் இதையும் சொல்கிறார், கிரேக்கத் தீவுகளில் இருப்பது போல எகிப்தில் காவல் குன்றுகள் கிடையாது என்று. ஸ்திராபோவும் கரை தாழ்வு, துறை இல்லை, பாறையும் மணல்திட்டும் நிறைந்தது என்கிறார்.

கரை நெருங்குவதை அறிய அவர்களுக்கு வேறு வழி இருந்தது. ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்: எகிப்துக்கு ஒரு நாள் பயணத் தூரம் இருக்கும்போதே ஈயக்குண்டைக் கயிற்றில் இறக்கினால் பதினோரு பாகம், அதாவது சுமார் 20 மீட்டர், ஆழத்தில் சேறு ஒட்டிக்கொண்டு வரும். அது நைல் கொண்டுவந்து கொட்டிய சேறு. கோபுரம் கட்டுவதற்கு 150 வருடம் முன்பே அந்த வித்தை தெரியும். ஆனால் சேறு 'கரை வருகிறது' என்று மட்டும்தான் சொல்லும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தட்டைக் கரையில் துறைமுகம் கிழக்கேயா மேற்கேயா என்று சொல்லாது. அதைச் சொல்லத்தான் அவ்வளவு உயரம். பகலில் வெள்ளைக் கோபுரமே அடையாளம், இரவில் தீ.

கரைக்காற்று (திங்கள், இரவு 8.15)

பையன் கேட்கிறான்: மரமே இல்லாத எகிப்தில் விறகுக்கு எங்கே போனார்கள், எப்படி மேலே ஏற்றினார்கள்?

பழையஏடு (திங்கள், இரவு 9.20)

ஏற்றியதற்கு நல்ல சாட்சி உண்டு. 1166இல் அந்தலூசியாவிலிருந்து வந்த அல் பலவி என்பவர் கோபுரத்துக்குள் ஏறிக் கயிறு வைத்து அளந்தே எழுதினார். கீழ் அடுக்குக்குள் படிக்குப் பதிலாகச் சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி ஏறியது. பொதி விலங்கு ஏறும் பாதை. அப்போது உச்சியில் தீ இல்லை, சின்ன மசூதிதான் இருந்தது.

அளவை ஊகிக்க மே தீவையே எடுக்கிறேன். அங்கே கடைசிக் காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 400 டன் நிலக்கரி எரிந்தது. ஓர் இரவுக்கு ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். விறகுக்குச் சூடு பாதி, எனவே இரண்டு டன். கழுதை ஒன்று 75 கிலோ சுமக்கும் என்றால் தினம் 27 நடை. செய்யக்கூடிய வேலைதான். விறகு எங்கிருந்து என்பதில் ஆளுக்கொரு கருத்து. வேலமரம், சவுக்குப் போன்ற புதர், எண்ணெய், நிலநெய் என்று பலதும் சொல்கிறார்கள். நான் எண்ணெயைச் சந்தேகிக்கிறேன். திறந்த உச்சியில் கடற்காற்று அடிக்கும் இடத்தில் சின்ன விளக்கு நிற்காது, அதைக் காக்கும் தெளிந்த கண்ணாடிப் பலகை கி.மு. 280இல் இல்லை.

ஒளியியல்குமார் (திங்கள், இரவு 10.00)

அதனால்தான் ஆடிக்கு அவ்வளவு காலம் ஆயிற்று போல. 1760களில் லிவர்பூலில் வில்லியம் ஹட்சின்சன் சின்னச் சின்ன கண்ணாடித் துண்டுகளைக் குழிவாகப் பதித்து, முன்னால் எண்ணெய் விளக்கை வைத்தார். அப்புறம் ஆர்கான்டின் புகையில்லாத விளக்கு வந்தது. அது வந்ததும் ஆடி கரி பிடிக்காமல் பளிச்சென்று நின்றது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். பகல்! வெயிலை ஒரு முழ அகலத் தட்டைக் கண்ணாடியில் திருப்பினால் 40 கிலோமீட்டரிலும் பளிச்சென்று அடிக்கும். புகை, கரி எந்தத் தொல்லையும் இல்லை. தேய்த்த வெண்கலம் போதும், பரவளையம் வேண்டாம். அதைச் செய்திருக்கலாமே?

மாலுமி_ஜோ (செவ்வாய், காலை 6.45)

செய்திருக்கலாம். ஆனால் சூரியனின் பிம்பம் அரை டிகிரிதான் விரியும். 40 கிலோமீட்டரில் அந்தப் பட்டை 350 மீட்டர் அகலம்தான். எந்தக் கப்பல் எங்கே வருகிறது என்று தெரிந்து, ஒருவன் கண்ணாடியைக் குறிவைத்துப் பிடித்தால்தான் மாலுமிக்கு மின்னும். கோபுரத்துக்காரனுக்குக் கப்பல் தெரிகிறது என்றால் கப்பல்காரனுக்குக் கோபுரம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

ஒளியியல்குமார் (செவ்வாய், காலை 7.05)

வளைத்து வீசினால்? மெதுவாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருந்தால்?

பழையஏடு (செவ்வாய், காலை 8.30)

ஆட்டியிருக்கலாம் தம்பி. ஆட்டினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை, ஆட்டவில்லை என்றும் எழுதவில்லை. இதில் நீங்களும் நானும் கடைசிவரை ஒத்துப்போகப் போவதில்லை.

கரைக்காற்று (வியாழன், இரவு 9.30)

கண்காட்சி முடிந்தது. டார்ச் கண்ணாடி மேசை டிராயருக்குப் போய்விட்டது. உச்சியில் ஆரஞ்சு நிறச் சின்ன பல்பு, மேலே கூரை இல்லை (புலவர்மகள் அவர்களுக்கு நன்றி). சரிவுப் பாதையில் களிமண் கழுதை ஒன்று. எல்லோரும் கேட்டது கழுதையைப் பற்றித்தான். ஓர் ஆசிரியர் 'கண்ணாடி எங்கே?' என்று கேட்டாராம். 'அது அரபுக் கதை சார், தீ பெருசா இருந்தா ஆடி வேலை செய்யாது' என்றானாம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் பரிசு.